வெள்ள அறிவிப்பை நம்ம ஊர்த் தமிழில் எழுதுவது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, மாடு, குழு, இதுதான் என் நாள். என்னை எதுக்கு இந்தத் தலைப்பில் பேசச் சொன்னாங்கன்னா, போன மழைக்காலத்துக்கு முன்னாடி எங்க குழுவில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். மேலே இருந்து ஆங்கிலத்தில் வருகிற வெள்ள அறிவிப்பை, ஒலிபெருக்கியில் சொல்றதுக்கு ஒண்ணு, போனில் அனுப்புறதுக்கு ஒண்ணு என்று தமிழில் எழுதிப் பார்த்தோம். பயிற்சிக்காகத்தான் எழுதினோம். அதில் நாங்க கத்துக்கிட்டதை உங்களுக்குச் சொல்றேன். ஆத்தங்கரையில் இருக்கிற எல்லா ஊருக்கும் இது உதவும்.

முதலில் நம்ம ஆற்றைப் பற்றி ரெண்டு வார்த்தை. காவிரியில் அளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் முக்கொம்பில் பிரித்துக் கொள்ளிடத்தில் விடுவாங்க. வயலுக்குப் போகிற ஆறுகள் உடையாமல் இருக்க, வெள்ளம் முழுக்க நம்ம கொள்ளிடம் வழியாகத்தான் கடலுக்குப் போகணும். மேட்டூர் அணை 120 அடி நிறைஞ்சுட்டா, அதுக்கு மேல வர்ற தண்ணீரை அங்கே வைக்க இடமில்லை. வர்றதை அப்படியே திறந்து விடுவாங்க. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை கடைசியில் அணை நிறைஞ்சப்பவும் படுகையும் திட்டும் தண்ணிக்குள்ள போச்சு.

2022ல் எங்க ஊருக்கு அறிவிப்பு வராமல் இல்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கிட்டு ரெண்டு தடவை வந்தாங்க. ஆனால் கேட்டவங்க நிறைய பேர், புரிஞ்சு கிளம்பினவங்க கொஞ்சம் பேர். எங்க குழு அக்கா ஒருத்தவங்க குழுக் கடனில் ஏழு ஆடு வாங்கி படுகையில் கட்டியிருந்தாங்க. அறிவிப்பைக் கேட்டாங்க. "தாழ்வான பகுதின்னு சொன்னாங்க, நம்ம படுகை போன தடவை முழுகலையே"ன்னு ஆட்டை அவிழ்க்கலை. ராத்திரி தண்ணி ஏறினப்ப உயிரைக் காப்பாத்திக்கிட்டு வந்தாங்க, ஆடு போச்சு. கடன் போகலை. இன்னும் மாசா மாசம் கட்டுறாங்க. அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் சரியான தகவல்தான். அந்த அக்காவுக்கு என்ன செய்யணும்னு மட்டும் அதில் இல்லை.

அகராதியைப் பார்த்து எழுதின தமிழ்

நாங்க பயிற்சிக்கு எடுத்துக்கிட்ட ஆங்கில அறிவிப்பு வழக்கமா வர்ற மாதிரிதான் இருந்தது. சர்ப்ளஸ், டிஸ்சார்ஜ், க்யூசெக்ஸ், லோ லையிங் ஏரியா, இந்த வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. எங்க பிரதிநிதி அக்கா மகள் கல்லூரியில் படிக்குது. அது ஒரு வரி விடாமல் தமிழில் எழுதிக் கொடுத்தது. அது இப்படி இருந்தது:

"மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,50,000 கன அடி வரை உபரிநீர் எந்நேரமும் வெளியேற்றப்படலாம். கொள்ளிடம் ஆற்றின் கரையோரத்திலும் தாழ்வான பகுதிகளிலும் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

நல்ல தமிழ்தான், பிழை கிடையாது. இதை எங்க தெருப் பாட்டி ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டி மூணு கேள்வி கேட்டோம். யாருக்குச் சொல்றாங்க? எப்போ கிளம்பணும்? எங்கே போகணும்? பாட்டி சொன்ன பதில்: "ஆத்தங்கரையில இருக்கிறவங்களுக்குச் சொல்றாங்க. எப்பன்னு சொல்லலை. பாதுகாப்பான இடம்னா நம்ம வீடுதான், திண்ணை உசரமாத்தானே இருக்கு."

பாட்டி வீடு படுகையிலிருந்து கூப்பிடு தூரம். அப்பத்தான் எங்களுக்கு விளங்குச்சு. வார்த்தையைத் தமிழாக்கினோம், சேதி தமிழாகலை.

அதனால் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, "இதைக் கேட்கிறவ எழுந்து என்ன செய்வா?"ன்னு கேட்டோம்.

"தாழ்வான பகுதி"ன்னா யாரும் தன் தெருவை நினைக்க மாட்டாங்க. நம்ம வீடு தாழ்வுன்னு யார் ஒத்துக்குவா? அதனால் தெருப் பெயரைச் சொல்லணும். படுகைத் தெரு, திட்டுத் தெரு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அந்தத் தெருக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்க.

"பாதுகாப்பான இடம்" என்பதும் அப்படித்தான். பள்ளிக்கூடமா, சமுதாயக் கூடமா, எந்தத் தெருவில் இருக்குன்னு சொல்லணும். அதோட அந்த இடம் திறந்திருக்கா, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டுத்தான் பெயரை எழுதணும். பூட்டின பள்ளிக்கூடத்துக்கு ஜனங்களை அனுப்பினால் அடுத்த தடவை நம்ம சொல்லை யாரும் நம்ப மாட்டாங்க.

"கன அடி" ஒரு பெரிய விஷயம். ஒரு கன அடின்னா ஏறக்குறைய 28 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடத்தில் ரெண்டு குடம். 1,50,000 கன அடின்னா ஒரு வினாடிக்கு மூணு லட்சம் குடம் தண்ணி ஓடுது. கேட்கும்போது மலைப்பாத்தான் இருக்கு. ஆனாலும் அது என் வாசலுக்கு வருமா வராதான்னு அந்தக் கணக்கு சொல்லாது. ஒலிபெருக்கியில் இந்த எண் வேண்டியதில்லைன்னு எடுத்துட்டோம். அறிவிப்புத் தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க படிச்சுக்குவாங்க.

மேட்டூர் தண்ணி எப்போ நம்ம ஊருக்கு வரும்?

அறிவிப்பில் மேட்டூரில் தண்ணீர் திறந்த நேரம் இருக்கும். நம்ம ஊருக்கு வந்து சேர்ற நேரம் பெரும்பாலும் இருக்காது. மொழிபெயர்க்கிறவங்க இந்த இடத்தில்தான் நின்னு யோசிக்கணும். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு வந்து, கொள்ளிடத்தில் பிரிஞ்சு, அணைக்கரையில் கீழணையைத் தாண்டித்தான் நம்மகிட்ட வரணும். அதனால் நமக்கு வேண்டியது மேட்டூர் கணக்கு மட்டும் இல்லை. கீழணையில் எப்போ, எவ்வளவு திறந்தாங்க என்பதுதான் நம்ம படுகைக்கான கணக்கு. நடுவில் மழை பெய்தால், கிளை வாய்க்கால் தண்ணி சேர்ந்தால், ரெண்டு கணக்கும் ஒண்ணா இருக்காது.

இந்த நேரத்தை நாமளா யூகிச்சு எழுதக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரையோ, நீர்வளத்துறையில் நம்ம பகுதியைப் பார்க்கிற பொறியாளரையோ, இல்லை மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்குப் போன் பண்ணியோ கேட்கணும். கேட்கிற கேள்வியும் சரியா இருக்கணும். "வெள்ளம் வருமா?"ன்னு கேட்டால் "எச்சரிக்கையா இருங்க"ன்னுதான் பதில் வரும். "கீழணையில் திறந்த தண்ணி எங்க ஊர்ப் படுகைக்கு எத்தனை மணிக்குள்ள வரும்?"ன்னு கேட்டால் ஒரு நேரம் கிடைக்கும். நேரம் கிடைக்கலைன்னா "ராத்திரிக்குள்ள"ன்னு நாமளே போட்டு நிரப்பக் கூடாது. "இப்பவே கிளம்புங்க" என்று மட்டும் சொன்னால் போதும். அதில் நேரமும் இருக்கு, பொய்யும் இல்லை.

இதுக்கு உதவியா எங்க குழுவில் ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கீழணையில் எவ்வளவு திறந்தாங்க, எந்த நேரம், எங்க படித்துறையில் எத்தனையாவது படி வரைக்கும் ஏறுச்சு, படுகைக்கு எப்போ வந்ததுன்னு எழுதுறோம். ரெண்டு மூணு வெள்ளத்தை எழுதினால் ஒரு பழக்கம் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. ஆற்றில் மணல் கூடியிருக்கும், குறைஞ்சிருக்கும். கடல் ஏற்றமா இருந்தால் முகத்துவாரத்தில் தண்ணி வடியாமல் எதிர்த்து நிற்கும். அதே கன அடிக்கு இந்த வருஷம் ஒரு படி அதிகமா ஏறலாம். அதிகாரிங்ககிட்ட சரியான கேள்வி கேட்கத்தான் அந்த நோட்டு. அறிவிப்பு அவங்க வாயிலிருந்துதான் வரணும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஆங்கிலத்தில் "திறக்கப்படலாம்" என்று இருந்தால் நாம "திறந்தாச்சு"ன்னு எழுதக் கூடாது. "வரலாம்" என்று இருந்தால் "வந்துடும்"னு பயமுறுத்தக் கூடாது. ஒரு தடவை வந்துடும்னு சொல்லி வரலைன்னா, அடுத்த தடவை நிஜமா வர்றப்ப யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. அதுக்காகச் சொல்ற வேலையையும் "கிளம்பலாம்", "போகலாம்"னு தளர விட்டுடக் கூடாது. தண்ணியைப் பற்றிச் சொல்லும்போது "லாம்" இருக்கட்டும். ஜனங்க செய்ய வேண்டியதைச் சொல்லும்போது "லாம்" வேண்டாம். "தண்ணி ஏறலாம். இப்பவே கிளம்புங்க." அப்படி.

காதுக்கு எழுதுவது வேற

தண்டோரா போடுவதை 2022ல் அரசு நிறுத்தச் சொன்ன பிறகு எல்லா ஊரிலும் வண்டியில் ஒலிபெருக்கிதான். காத்து, மழை, ஆட்டோ சத்தம், எல்லாத்துக்கும் நடுவில் நம்ம குரல் போகணும். கேட்கிறவங்களுக்குப் பாதி வரிதான் காதில் விழும். அந்தப் பாதியிலேயே புரியற மாதிரி எழுதணும்.

நம்ம தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். நீளமான வாக்கியம் சொன்னால் "போங்க"வா "போகாதீங்க"வான்னு முடிவில்தான் தெரியும். "ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ கால்நடைகளைக் குளிப்பாட்டவோ வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வாசிக்கும்போது ஒருத்தர் கடைசியில் வாயை மூடினார். மிச்சம் என்ன கேட்குது? "ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ." கூப்பிடுற மாதிரி ஆயிடுச்சு. அதனால் வேண்டாம் என்பதை விட்டுட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னோம். "ஆத்தை விட்டு மேல ஏறி வாங்க." இதில் எந்தப் பாதி காதில் விழுந்தாலும் கெடுதல் இல்லை.

அடுத்தது "ஆறு". நமக்கு ஆறும் ஆறுதான், ஆறு மணியும் ஆறுதான். "ஆறு மணிக்குள் ஆற்றங்கரையை விட்டு"ன்னு மைக்கில் சொன்னால் எது எதுன்னு குழம்பும். அதனால் "பொழுது சாயறதுக்குள்ள", "விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி" என்று சொல்லலாம். "வெள்ளம்" என்பதும் ஒலிபெருக்கியில் "வெல்லம்" மாதிரி கேட்கும். "தண்ணி ஏறுது"ன்னு சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். "டிஸ்சார்ஜ்" என்ற வார்த்தையை ஒலிபெருக்கியில் அப்படியே சொன்னால், யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டாங்கன்னுதான் எங்க பாட்டி நினைப்பாங்க. "தண்ணி திறந்தாச்சு" போதும்.

இப்படி வெட்டி வெட்டி எழுதி, கடைசியில் எங்களுக்குக் கிடைச்சது இதுதான். கீழணையில் தண்ணீர் திறந்ததாகவும், இரவுக்குள் படுகைக்கு வரலாம் என்று அதிகாரி சொன்னதாகவும் வைச்சுக்கிட்டு எழுதினோம்.

"ஊர் மக்கள் கவனிங்க.
அணைக்கரையில தண்ணி திறந்தாச்சு.
ராத்திரிக்குள்ள படுகைக்கு ஏறலாம்.
படுகைத் தெரு, திட்டுத் தெரு, இப்பவே கிளம்புங்க.
மேலத்தெரு பள்ளிக்கூடத்துக்கு வாங்க.
ஆடு மாட்டை அவுத்துக் கரைமேல ஓட்டுங்க.
வண்டி வேணுமா? 1077க்கு போன் பண்ணுங்க.
சொல்றது ஊராட்சி."

மொத்தம் முப்பது வார்த்தை. நிதானமா வாசிச்சால் அரை நிமிஷம். ஒரு வரிக்கு ஒரே சேதி. வரிக்கு வரி மூச்சு விட்டு நிறுத்தணும். ஆட்டு வரியைச் சேர்த்தது அந்த ஏழு ஆடு வச்சிருந்த அக்காதான். "ஆட்டை என்ன பண்றதுன்னு சொல்லாம நீங்க கிளம்புங்கன்னா நான் கிளம்ப மாட்டேன்"னு அவங்க சொன்னாங்க. அவங்களை மாதிரி எத்தனை பேர் ஆடு மாட்டுக்காக நின்னுருப்பாங்கன்னு அப்பத்தான் எங்களுக்கு உறைச்சது. 1077ஐ "ஆயிரத்து எழுபத்தேழு"ன்னு வாசிக்காமல் "ஒண்ணு, பூஜ்யம், ஏழு, ஏழு"ன்னு ஒவ்வொண்ணா வாசிக்கணும். அப்பத்தான் போனில் அழுத்த முடியும்.

ஆட்டோ ஓட்டுற தம்பிக்கும் ஒரு சேதி. வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே ஒரு வினாடிக்கு நாலு மீட்டர் தாண்டிடும். இந்த அரை நிமிஷ அறிவிப்பைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி நூறு மீட்டருக்கு மேல போயிடும். ஒரு வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு வரிதான் கிடைக்கும். அது "ஊர் மக்கள் கவனிங்க"வா இருந்தால் என்ன பிரயோஜனம்? அதனால் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, மூணு தடவை முழுசா சொல்லிட்டு அடுத்த முனைக்குப் போகணும். எஞ்சினை அணைச்சுட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

போனுக்கு எழுதுவது இன்னும் வேற

எல்லார்கிட்டயும் பெரிய போன் இல்லை. எங்க ஊரில் பாதிப் பெண்கள் கையில் பட்டன் போன்தான். வாட்ஸப் அவங்களுக்குப் போகாது. சாதாரண எஸ்எம்எஸ்தான் போகும். அதில் ஒரு கணக்கு இருக்கு. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து வரைக்கும் போகும். தமிழில் எழுதினால் 70தான். 70ஐத் தாண்டினால் போன் அதை 67, 67 என்று துண்டு துண்டாப் பிரிச்சு அனுப்பும். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு ஒண்ணாத்தான் தெரியும். ஆனால் சிக்னல் மோசமா இருக்கிற மழை நாளில் ஒரு துண்டு வந்து இன்னொரு துண்டு வராமல் போகலாம்.

இந்த 70ஐ நாம பள்ளிக்கூடத்தில் எழுத்தை எண்ணின மாதிரி எண்ணக் கூடாது. போனுக்கு "க" ஒண்ணு, "கி" ரெண்டு. சுழிக்கு ஒண்ணு கூடும். "ம்" ரெண்டு, ஏன்னா புள்ளிக்கும் ஒண்ணு. "கொ" ரெண்டு. நடுவில் விடுற இடைவெளிக்கும் ஒண்ணு. "வெள்ளம்" என்பதை நாம நாலு எழுத்துன்னு சொல்வோம், போன் ஏழுன்னு எண்ணும்.

இப்போ அந்த முதல் தமிழின் ரெண்டாவது வாக்கியத்தை எண்ணுவோம். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு 27 போகுது. "போங்க"வுக்கு 5தான். அந்த வாக்கியம் முழுக்க 140 வருது. ரெண்டு துண்டுக்கே 134தான் கணக்கு, அதனால் மூணு துண்டாப் போகும். முதல் துண்டு எங்கே முடியுது தெரியுமா? "கொள்ளிடம் ஆற்றின் கரையோரத்திலும் தாழ்வான பகுதிகளிலும் வசிக்கும் பொத" என்ற இடத்தில். "பொதுமக்கள்" என்ற வார்த்தை கூட முடியலை. எங்கே போகணும்னு அதில் ஒரு எழுத்து இல்லை.

அதனால் நாங்க இப்படி எழுதினோம்:

"கொள்ளிடம் வெள்ளம். படுகைத் தெரு இப்போதே பள்ளிக்குப் போங்க. உதவி 1077"

எண்ணிப் பாருங்க, 68 வரும். ஒரே துண்டு. திட்டுத் தெருவுக்குத் தனியா அனுப்பணும்னா பெயரை மட்டும் மாத்தலாம், 69 ஆகும். போனில் கண்ணால் படிக்கிறதால "வெள்ளம்" இருக்கலாம், வெல்லத்தோட குழம்பாது.

எஸ்எம்எஸ்ஸில் இன்னொரு சிக்கல், தாமதமா வரும். போன் அணைஞ்சிருந்தால், சிக்னல் இல்லைன்னால், சாயங்காலம் அனுப்பினது மறுநாள் காலையில் வரும். "இப்போதே"ன்னு படிச்சால் எந்த இப்போதேன்னு தெரியாது. அதனால் தேதி, நேரம், அனுப்பினது யார் என்று இன்னொரு தனிச் செய்தி அனுப்பினோம்:

"ஆகஸ்ட் 5 மாலை 4 மணி தகவல்: இரவுக்குள் தண்ணீர் வரலாம். ஊராட்சி"

இது 61. ஒரே நீளச் செய்தியா எழுதாமல் ரெண்டு தனிச் செய்தியா அனுப்பினதால், ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு தனியா அர்த்தம் தரும். எது முதலில் போகணும்னு கேட்டால், வேலையைச் சொல்ற செய்தி முதலில். காரணம் பிறகு.

எண்ணுறது கஷ்டம்னு நினைக்க வேண்டாம். பல போன்களில் செய்தி எழுதும்போதே ஓரத்தில் இன்னும் எத்தனை எழுத்து மிச்சம், இது எத்தனையாவது துண்டு என்று சின்னதா காட்டும். அந்தத் துண்டு எண் ஒண்ணிலிருந்து ரெண்டா மாறினால் நிறுத்தி, ஒரு வார்த்தையை எடுத்துடுங்க.

வாட்ஸப் குழுவில் போடும்போது நீளக் கணக்கு இல்லை. ஆனாலும் இதே வரிகளைத்தான் போடணும். ஒலிபெருக்கியில் பள்ளிக்கூடம், வாட்ஸப்பில் சமுதாயக் கூடம் என்று இருந்தால் ஜனம் எதையும் நம்பாது. கூடவே ஒலிபெருக்கி வரிகளை நம்ம குரலில் பதிஞ்சு போட்டால் எழுத்து படிக்காதவங்களும் கேட்டுக்குவாங்க. அந்தக் குரல் பதிவிலும் தேதியும் நேரமும் சொல்லணும். இல்லைன்னா அடுத்த வருஷம் யாராவது பழைய பதிவைச் சுத்த விடுவாங்க. பொய்யான பீதி அப்படித்தான் கிளம்புது.

சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

எழுதி முடிச்சதும் ரெண்டு சோதனை செய்தோம். ஒண்ணு, ஆங்கிலம் தெரிஞ்ச ஒருத்தர் மூலத்தையும் நம்ம தமிழையும் பக்கத்தில் வைச்சுப் பார்க்கணும். இல்லாத தகவலை நாம சேர்த்திருக்கோமா, முக்கியமான எதையாவது விட்டிருக்கோமான்னு பார்க்கத்தான். தெருப் பெயரும் பள்ளிக்கூடமும் மூலத்தில் இல்லை, நாம சேர்த்தது. அதனால் அதைக் கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊராட்சிச் செயலர் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒலிபெருக்கிக்குப் போகணும். அறிவிப்பு கொடுக்கிற அதிகாரம் குழுவுக்கு இல்லை. அதைப் புரியற மாதிரி எழுதிக் கொடுக்கிறதுதான் நம்ம வேலை.

ரெண்டாவது சோதனை, எழுதும்போது கூட இல்லாத ஒருத்தருக்கு ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டி, அதே மூணு கேள்வி. யாருக்கு? எப்போ? எங்கே? அந்தப் பாட்டிக்கே கடைசியா எழுதினதை வாசிச்சோம். கொஞ்சம் தள்ளி நின்னு, குழாயில் தண்ணியைத் திறந்து விட்டுட்டு வாசிச்சோம், மழைச் சத்தம் மாதிரி இருக்கட்டும்னு. பாட்டி சொன்னாங்க: "படுகைத் தெரு, திட்டுத் தெருவெல்லாம் இப்பவே மேலத்தெரு பள்ளிக்கூடத்துக்குப் போகணும். ஆட்டைக் கரைமேல ஓட்டணும். ஏன் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்?" மூணு கேள்விக்கும் பதில் வந்துடுச்சு.

பாட்டி இன்னொண்ணும் கேட்டாங்க. "சரி, எப்ப வீட்டுக்குத் திரும்புறது?" அதை நாங்க எழுதவே இல்லைன்னு அப்பத்தான் கவனிச்சோம், எங்களுக்கு வந்த ஆங்கில அறிவிப்பிலும் அது இல்லை. மேட்டூரில் திறப்பு நிற்காத வரைக்கும் கொள்ளிடத்தில் தண்ணி ஒரு நாள் இறங்கி மறுநாள் ஏறும். இறங்கிடுச்சேன்னு நடுவில் வீட்டுக்குப் போறவங்கதான் மாட்டிக்குவாங்க. அதனால் பள்ளிக்கூடத்தில் சொல்றதுக்குத் தனியா ஒரு வரி எழுதி வைச்சிருக்கோம்: "மறுபடி ஒலிபெருக்கியில சொல்ற வரைக்கும் இங்கேயே இருங்க." திரும்பலாம்னு சொல்ற அறிவிப்பையும் இப்பவே எழுதி வைச்சாச்சு.

இந்த எல்லா வரிகளையும் தெருப் பெயர், பள்ளிக்கூடம், நேரம் இந்த இடங்களை மட்டும் காலியா விட்டு ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊராட்சி அலுவலகத்திலும் எங்க ஊக்குநர் வீட்டிலும் வைச்சிருக்கோம். ராத்திரி பத்து மணிக்கு ஆங்கில அறிவிப்பு வந்தால், அப்போ உட்கார்ந்து இலக்கணம் பார்க்க நேரம் இருக்காது. காலி இடத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, ஆட்டோவை எழுப்ப வேண்டியதுதான். அந்தத் தாளோட நகலைக் கொண்டு வந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் வாங்கிக்கங்க. உங்க ஊர்ப் படுகை, உங்க ஊர்ப் பள்ளிக்கூடம் பெயரைப் போட்டு, உங்க ஊர்ப் பாட்டி ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டிட்டு வைங்க.